சண்டையில்லாத கிலோவுக்குப் பணம்

திருப்பூரில் நான் கணக்கெழுத வந்த தொண்ணூறுகளில், நூலில் குறை என்று வந்துவிட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரே ஒரு வேலைதான். பில்லை நிறுத்துவது. கட்டிங் மாஸ்டர் மேலே வந்து முதலாளியிடம் ஏதோ சொல்வார். முதலாளி என்னைப் பார்த்து, "அந்த மில்லுக்காரனுக்குப் பணம் விடாதே" என்பார். பில் ஃபைலை விட்டு மேசை டிராயருக்குள் போகும். அறுபது மூட்டையில் ஆறு மூட்டைதான் தகராறு என்றாலும் அறுபதுக்கும் பணம் நிற்கும்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். பணம் நம் கையில் இருக்கும்வரைதான் அவன் வந்து பேசுவான் என்று. நான் பார்த்தவரை ஆள் வந்தது உண்மைதான், ஆனால் வந்தது வேறு ஆள். முழுப் பில்லையும் நிறுத்தினால் மில்லில் இருந்து வசூலுக்கு வருகிறவர் வருவார். அவருக்கு நூலைப் பற்றி ஒன்றும் தெரியாது, பட்டை விழுந்த துணியை விரித்துக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டு, "செக் எப்பங்க ரெடியாகும்?" என்பார். நல்ல சரக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டு மீதியை மட்டும் காரணம் எழுதி நிறுத்தினால், தரப் பிரிவில் இருந்து ஆள் வருவார். கையில் லென்ஸோடு வருவார். மில் கணக்கில் பாக்கி இல்லாத பார்ட்டியின் புகாரைத்தான் மில் புகாராகப் படிக்கிறது. மற்றதெல்லாம் அவர்களுக்குப் பணமில்லாதவன் சொல்லும் சாக்கு.

அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரில் பணப்புழக்கம் நின்றுபோனது. துணி ஈரோட்டுக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த மாதங்களில் தரப் புகார்கள் திடீரென்று பெருகின. நூல் அதே நூல்தான். முப்பது நாள் கடனை அறுபதாக்க, தொண்ணூறாக்க புகார் ஒரு வழியாக இருந்தது. அதனால் உண்மையான புகாரோடு போகிறவனையும் மில்காரர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, தகராறு இல்லாத தொகையைச் சொன்ன தேதியில் அனுப்பிவிடுவது.

இதில் தொகையைவிட அதைப் பிரிக்கும் முறைதான் கடினம். ஒரு கணக்கை முழுதாகச் சொல்கிறேன். எண்களை எளிதாக இருக்கட்டும் என்று முழுதாக்கியிருக்கிறேன்.

ஒரு மில்லில் இருந்து 30ஸ் கோம்டு ஹோசியரி நூல் 60 மூட்டை வந்தது. மூட்டைக்கு 50 கிலோ, ஆக 3,000 கிலோ. கிலோ 270 ரூபாய் என்றால் 8,10,000. அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 40,500. பில் தொகை 8,50,500. மூட்டைகளில் இரண்டு லாட் இருந்தன. முதல் லாட் 40 மூட்டை, இரண்டாம் லாட் 20 மூட்டை. முதல் லாட் முழுக்க நிட்டிங் போய், சாயம் போய், காம்பேக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வந்துவிட்டது, ஒரு குறையும் இல்லை. இரண்டாம் லாட்டில் 12 மூட்டையைப் பின்னி நடுத்தரமான நீலத்தில் சாயமேற்றியபோது துணியின் குறுக்கே மெல்லிய பட்டைகள் தெரிந்தன. தொழிலில் இதை பாரே என்போம். வெள்ளையிலும் கறுப்பிலும் கண்ணுக்கு அதிகம் தெரியாது. நீலம், சாம்பல் போன்ற நடு நிறங்களில் காட்டிக்கொடுத்துவிடும். மீதி 8 மூட்டை பிரிக்காமல் குடோனில் இருந்தது.

முதலாளி வழக்கம்போல் முழுப் பில்லையும் நிறுத்தச் சொன்னார். மில்காரர் போனில், "உங்க நிட்டிங்காரர் லாட்டைக் கலந்து போட்டிருப்பார்ங்க" என்றார். இரண்டு பேரும் ஊகத்தில் பேசினார்கள். பாரே நூலாலும் வரும், மிஷினாலும் வரும். வட்டப் பின்னல் மிஷினில் சுற்றிலும் நிறைய ஃபீடர்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோன். பட்டை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு ஃபீடரில் கோளாறு என்று அர்த்தம். அந்த ஃபீடரில் இருக்கிற கோனை எடுத்து வேறு ஃபீடரில் மாட்டிப் பின்னிப் பார்க்க வேண்டும். பட்டை கோனோடு இடம் மாறினால் நூலின் குற்றம், அதே இடத்தில் நின்றால் மிஷினின் குற்றம். எங்கள் நிட்டிங்காரர் அதைச் செய்தார். பட்டை கோனோடு போனது. பிறகு பட்டையில் இருந்து ஓர் இழையும் பக்கத்தில் இருந்து ஓர் இழையும், ஒரே எண்ணிக்கைக் கண்ணிகள் எண்ணிப் பிரித்து நீளம் பார்த்தோம். நீளம் சமமாக இருந்தது. இழுவிசை மாறியிருந்தால் நீளம் மாறியிருக்கும். கடைசியில் பிரிக்காத மூட்டைகளில் இருந்து கோன்களை எடுத்து இருட்டறையில் அல்ட்ரா வயலட் விளக்கின் கீழ் வரிசையாக வைத்தோம். பெரும்பாலானவை ஒரே மாதிரி நீலமாய் மின்ன, நடுநடுவே சில கோன்கள் மஞ்சளடித்துத் தெரிந்தன. பஞ்சுக் கலவை மாறியிருந்தால் விளக்கில் அப்படித்தான் தெரியும். கோன் ஸ்டிக்கரில் லாட் எண் ஒன்றுதான், உள்ளே இருந்தது இரண்டு கலவை. கோன்களையும் ஸ்டிக்கர்களையும் போட்டோ எடுத்து, அதே ஸ்டிக்கர்களோடு சில கோன்களைத் தனியாகக் கட்டி வைத்தோம். ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆதாரம் தேடுகிற கம்பெனிகள் இந்த ஊரில் ஏராளம்.

இப்போது பணம். எந்தப் பகுதி தகராறு இல்லாதது? நான் எனக்கே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். நம் புகார் முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவருக்குப் போக வேண்டியது எவ்வளவு? முதல் லாட் 2,000 கிலோ, 5,40,000, வரி 27,000, ஆக 5,67,000. இதில் பேச்சே இல்லை. இரண்டாம் லாட் 1,000 கிலோ, வரியோடு 2,83,500. இது நிற்கலாம்.

முதலாளி இங்கே ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "600 கிலோவுக்குப் பின்னல் கூலி, சாயக் கூலி கிலோவுக்கு நூறு ரூபாய்னு வை, அறுபதாயிரம் போச்சே. அதையும் நல்ல லாட்டுல பிடிச்சா என்ன?" சட்டப்படி குறையுள்ள சரக்கின் நஷ்டத்தைச் சரக்கு விலையிலேயே கழித்துக் கேட்க வாங்கியவருக்கு வழி உண்டு, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 59ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. பிரிக்காத 400 கிலோவைத் திருப்பி அனுப்பினால் அதன் விலை 1,13,400. மீதி 1,70,100 நம் கையில் 600 கிலோவுக்காக நிற்கிறது. அந்த 600 கிலோ துணி குப்பை ஆகிவிடவில்லை. கறுப்பில் மறுசாயம் போட்டால் வேறு ஆர்டருக்கு ஓடும். அப்படியிருக்க நல்ல லாட்டில் கை வைப்பதற்குக் காரணம் இல்லை. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்றே வங்கியில் 5,67,000 போனது. கூடவே மெயிலும் போனது. எங்கள் வழக்கமான வாசகம் இப்படி இருக்கும்:

"பில் எண் இன்னது. முதல் லாட், 40 மூட்டை, 2,000 கிலோ ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கான 5,67,000 ரூபாய் வரி உட்பட இன்று அனுப்பப்பட்டது, யு.டி.ஆர். எண் இன்னது. இந்தத் தொகையை இந்தப் பில்லின் முதல் லாட்டுக்கு மட்டும் வரவு வைக்கவும். இரண்டாம் லாட், 20 மூட்டை, 1,000 கிலோவில் சாயத்துக்குப் பின் பாரே தெரிவதாக இன்ன தேதியில் எழுதியுள்ளோம். அதற்கான 2,83,500 ரூபாய் நேரில் பார்த்துத் தீர்க்கும்வரை நிறுத்தப்பட்டுள்ளது. பிரிக்காத 8 மூட்டையும் சாயமேற்றிய ரோல்களும் பார்வைக்குத் தயார். இந்தப் பணம் அனுப்பியதால் இரண்டாம் லாட் பற்றி இரு தரப்பின் உரிமையும் மாறாது."

'முதல் லாட்டுக்கு மட்டும்' என்ற வரியை ஏன் அவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். பழைய கம்பெனி ஒன்றில் நடந்ததைச் சொல்வேன். அங்கே முதலாளிக்கு ரவுண்டாகப் பணம் விடுவதுதான் பழக்கம். எட்டரை லட்சம் பில்லில் தகராறு என்றால் "நாலு லட்சம் விடு, மீதியைப் பார்த்துக்கலாம்" என்பார். எந்தப் பில்லுக்கு என்று யாரும் எழுத மாட்டார்கள். மில் அந்த நாலு லட்சத்தை ஏற்கெனவே நின்றிருந்த பழைய பில்களில் வரவு வைத்துக்கொண்டது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி கடன்பட்டவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லாவிட்டால், வாங்குகிறவர் தனக்கு வசதியான கடனில் வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தபோது, மில் புத்தகத்தில் தகராறு பில் முழுதாக எட்டரை லட்சமும் பாக்கியாக நின்றது, நல்ல மூட்டைகளுக்கும் பணம் தராதவர்கள் என்ற பெயரோடு. எங்கள் பக்கம் நாலு லட்சம் கொடுத்த ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கதைக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு நிட்டிங் யூனிட்காரர், ஜாப் ஒர்க் மட்டும் செய்கிறவர். ஒரு கம்பெனி அவர் பில்லில் முக்கால் தொகைக்குச் செக் அனுப்பியது. கூடவந்த கடிதத்தில் இது முழுக் கணக்குக்கும் தீர்வு என்று ஒரு வரி. அவர் கடிதத்தைப் படிக்காமல் செக்கைப் போட்டுவிட்டார். பிறகு மீதியைக் கேட்டபோது கடிதத்தைக் காட்டினார்கள். குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடமிருப்பதால், ஏற்றாரா இல்லையா என்பதே புது வழக்காகிப் போனது. வாங்குகிற கம்பெனிக்காரன் நான், ஆனாலும் சொல்கிறேன், அது அழுக்கு வேலை. தகராறு இல்லாத பகுதியைக் கொடுப்பதற்கு நிபந்தனை போட்டால் அதுவும் தகராறு ஆகிவிடுகிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால், செக்கைப் போடுவதற்கு முன்பே 'பகுதிப் பணமாக மட்டும் ஏற்கிறோம்' என்று எழுதி அனுப்ப வேண்டும்.

நீல நூல் கதைக்கு வருகிறேன். மெயில் போன அந்த வாரமே மில்லின் தரப் பிரிவு ஆள் வந்தார். வயதானவர், நிதானமானவர். ஃபீடர் மாற்றிய ரோலைப் பார்த்தார், விளக்கறைக்குள் போய்க் கோன்களைத் தானே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெளியே வந்து, "சார், பேக்கிங்ல கலந்திருக்கு" என்றார், அவ்வளவுதான். 400 கிலோவைத் திருப்பி எடுத்துக்கொள்வது, 600 கிலோவுக்குக் கிலோவுக்கு 60 ரூபாய் குறைப்பது என்று பேசி முடிந்தது. 36,000 ரூபாய், வரி 1,800. திருப்பியதற்கு 1,08,000, வரி 5,400. நிறுத்தியிருந்த 2,83,500இல் இவை போக 1,32,300 மீதி. கிரெடிட் நோட் வந்த அன்று அனுப்பினோம். அறுபது ரூபாய் எங்கள் நஷ்டத்தை முழுதாக மூடவில்லை. ஆனால் அடுத்த லாரி நிற்கவில்லை.

கிரெடிட் நோட் என்று சொன்னேனே, ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தபின் இதில் பெரிய மாற்றம். அதற்கு முன்பு எங்கள் ஊரில் வாங்குகிறவர் தானே ஒரு டெபிட் நோட் எழுதி, பணத்தைக் கழித்து, மீதியை அனுப்புவார். சண்டை போடுகிறவர் போடுவார், இல்லாதவர் விழுங்கிக்கொள்வார். இப்போது வரியோடு குறைக்க வேண்டுமென்றால் சரக்கு கொடுத்தவர்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். நாமும் அந்த அளவுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ஒருதலையாகக் கழித்தால் இரண்டு புத்தகமும் ஒட்டாமல் நிற்கும். இன்னொன்று, பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பணம் போகாவிட்டால், போகாத பகுதிக்கு எடுத்த வரிச் சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே நிறுத்தி வைத்த தொகையும் சும்மா கிடக்க முடியாது. முழுப் பில்லையும் நிறுத்துகிறவர் நல்ல மூட்டைகளின் வரியையும் சேர்த்துத் திருப்புவார். அதேபோல் சிலர் நல்ல பகுதியின் அடிப்படை விலையை மட்டும் அனுப்பி, வரியை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். கிலோவைப் பிரித்தால் வரியும் அதே விகிதத்தில் பிரிய வேண்டும்.

பிறகு 2024 மார்ச் வந்தது. சிறு, குறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது, கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம் என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி-யில் சேர்த்த பிரிவு முதன்முதலாகக் கடித்த ஆண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15. டிராயர்களுக்குள் பழுத்துக் கிடந்த பில்களெல்லாம் ஊர் முழுக்க வெளியே வந்தன. ஆடிட்டர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பில் நின்றதற்கு எழுத்தில் புகார் இருக்கிறதா? எந்தத் தேதி?" பெரும்பாலானவற்றுக்குப் போனில் பேசியதுதான் இருந்தது, அல்லது கட்டிங் மாஸ்டர் வாயால் சொன்னது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. சரக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். உரிய நாளில் சொல்லிவிட்டால், அந்த ஆட்சேபத்தை விற்றவர் தீர்க்கும் நாள்தான் ஏற்ற நாள். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டி வட்டி. எங்களுக்கு இதில் உள்ள சிக்கல் நூலின் இயல்பு. பின்னி, சாயம் போட்டு, பாரே கண்ணில் படுவதற்குள் 15 நாள் தாண்டிவிடுவது சாதாரணம். தாண்டினால் நஷ்டம் கேட்கும் உரிமை அழிந்துவிடாது, ஆனால் பணத்துக்கான நாள் ஓடத் தொடங்கிவிடும். அதற்காகவே சில வருடமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நூல் வந்ததும் ஒவ்வொரு லாட்டிலும் பல மூட்டைகளில் இருந்து கோன் எடுத்து விளக்கில் பார்ப்பது, சிறிது பின்னி நடு நிறத்தில் சாம்பிள் சாயம் போடுவது. முதல் வாரத்தில் முடிந்துவிடும் வேலை.

எல்லா இடத்திலும் இப்படி அழகாகப் பிரிக்க முடியாது. துணியென்றால் ரோல் வாரியாக, சாயக் கூலியென்றால் பேட்ச் வாரியாகப் பிரிக்கலாம். மொத்தமும் ஒரே லாட்டாக இருந்து குறை எல்லாவற்றிலும் பரவியிருந்தால் கிலோக் கணக்கு உதவாது. உதாரணமாக, துணி முழுக்க ஜி.எஸ்.எம். குறைவாக வந்திருக்கிறது என்றால் நல்ல ரோல், கெட்ட ரோல் என்று கிடையாது. அங்கே நமது அதிகபட்ச நஷ்டத்தை எழுதிக் காட்டி, அதை மட்டும் நிறுத்தி மற்றதை அனுப்ப வேண்டும். அந்த நஷ்டத் தொகையை ஊதிப் பெருக்கினால் எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும். சில மில்கள் பகுதிப் பணத்தையே ஏற்க மாட்டோம், முழுதாக விட்டால்தான் அடுத்த சரக்கு என்பார்கள். அப்போதும் வங்கியில் அனுப்பிவிடுவேன். அனுப்பியதற்கும் எழுதியதற்கும் தேதி இருக்கும், திருப்பி அனுப்புகிற மில்லை இதுவரை பார்த்ததில்லை.

பில் பாஸ் பண்ணுகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு விஷயம். பில்லின் மேல் பில் தேதியை எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூட்டை குடோனுக்கு வந்து இறங்கிய தேதியையும் லாட் எண்களையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 15 நாளை எண்ணுவது அந்தத் தேதியில் இருந்துதான், 180 நாளை எண்ணுவது பில் தேதியில் இருந்து.